மூன்றாம் பாடம், எந்தப் புத்தகத்தின் மூன்றாம் பாடம்?

நாங்கள் பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். மகள் ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியில் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். இந்த 2025 ஜூலையில் அவளுக்கு முதல் பீரியாடிக் டெஸ்ட், எல்லோரும் பி.டி. 1 என்று சொல்வது, நடந்து முடிந்தது. அதற்காக கிளாஸ் டீச்சர் பெற்றோருக்கு அனுப்பிய ஒரு பக்கக் கடிதத்தால் நான் பட்ட பாட்டை எழுதி வைக்கிறேன். பிள்ளைகள் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பில் இருந்தால் கடைசிவரை படியுங்கள்.

கடிதம் ஜூலை 10, வியாழக்கிழமை பள்ளி ஆப்பில் வந்தது. வழக்கமான கடிதம்தான். மேலே நாலு வரி, கீழே தேதி, கிழமை, பாடம், போர்ஷன் என்று நாலு கட்டம் கொண்ட பட்டியல், கடைசியில் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லி ஒரு துண்டு. இரண்டாவது வரிசையில் "22.07.2025, செவ்வாய், இரண்டாம் மொழி" என்று இருந்தது. அதற்கு அடுத்த வரிசையில் "22.07.2025, புதன், கணிதம்" என்று இருந்தது. ஜூலை 22 செவ்வாய்க்கிழமை. அப்படியானால் கணிதம் புதன்கிழமையா, இல்லை ஒரே நாளில் இரண்டு டெஸ்டா?

பெற்றோர் வாட்ஸாப் குழுவில் கேட்டேன். பத்து நிமிடத்தில் முப்பது பதில் வந்தது, அதில் பாதிப் பேர் தேதிதான் சரி என்றார்கள், மீதிப் பேர் கிழமைதான் சரி என்றார்கள், ஒருவர் போன வருஷம் ஒரே நாளில் இரண்டு டெஸ்ட் வைத்ததாகச் சொல்லி எல்லோரையும் இன்னும் பதற வைத்தார். டீச்சர் அந்தக் குழுவில் இல்லை. தேதிச் சந்தேகத்தைப் பெற்றோர் குழுவில் கேட்பதில் பலன் இல்லை, ஏனென்றால் அங்கே இருப்பவர்கள் எல்லோர் கையிலும் அதே கடிதம்தான் இருக்கிறது.

மறுநாள் ஆபீஸில் இரண்டு மணி நேரம் பெர்மிஷன் போட்டுவிட்டு நேராகப் பள்ளிக்குப் போனேன். வாசலில் செக்யூரிட்டி விடவில்லை. அவரிடம் பேசி ஆபீஸ் கவுன்டர் வரை போனால், அங்கே இருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "சர்குலர்ல இருக்கும் மேடம், பாருங்க" என்றார். சர்குலரில்தான் தப்பு இருக்கிறது என்று போனை நீட்டிக் காட்டினேன். "அது கிளாஸ் டீச்சர் போட்டது, எங்களுக்குத் தெரியாது, அவங்களப் பாக்கணும்னா முன்னாடியே டைரியில எழுதி அனுப்பணும்" என்றார். அவ்வளவுதான். மதிய வெயிலில் ஆட்டோ பிடித்துத் திரும்பி வந்தேன். ஒரு வரி பதிலுக்கு அரை நாள் போனது என்ற ஆத்திரம் இன்னும் இருக்கிறது.

சரி, டைரியிலேயே எழுதலாம் என்று முடிவு செய்தேன். இங்கே ஒன்று கற்றுக்கொண்டேன். "தேதியில் குழப்பம், தயவுசெய்து தெளிவுபடுத்தவும்" என்று பொதுவாக எழுதினால் "சர்குலரைப் பார்க்கவும்" என்றுதான் பதில் வரும். அதனால் பட்டியலின் மூன்றாவது வரிசை என்று குறிப்பிட்டு, "கணிதத் தேர்வு 22 செவ்வாயா, 23 புதனா? ஒன்றை வட்டமிடவும்" என்று எழுதி இரண்டையும் பெரிதாகப் போட்டு அனுப்பினேன். திங்கள் காலை கொடுத்தது, செவ்வாய் மாலை 23-ஐச் சுற்றி சிவப்பு வட்டத்தோடு வந்தது. புதன்கிழமை, 16-ஆம் தேதி, எல்லோருக்கும் திருத்திய கடிதமே வந்துவிட்டது. குழுவில் எல்லோரும் எனக்கு நன்றி சொன்னார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

திருத்திய கடிதத்தில் நான் தேதியை மட்டும் பார்த்தேன். பெரிய தவறு அங்கேதான் நடந்தது.

முதல் கடிதத்தில் கணித போர்ஷன் "பாடம் 2, 3" என்று வெறும் எண்ணாக இருந்தது. திருத்திய கடிதத்தில் பாடத்தின் பெயரையும் சேர்த்திருந்தார்கள்: 2, லைன்ஸ் அண்ட் ஆங்கிள்ஸ், 3, நம்பர் ப்ளே. இரண்டாம் பாடத்துக்குப் பள்ளியிலேயே ஒர்க்‌ஷீட் கொடுத்திருந்தார்கள், அதை அவள் நன்றாகச் செய்தாள். மூன்றாம் பாடம் கடைசியாக நடத்தியது, அதற்குத்தான் பயிற்சி வேண்டும். ஆனால் நோட்டுப் புத்தகம் திருத்துவதற்கு என்று வெள்ளிக்கிழமையே வாங்கி வைத்துக்கொண்டார்கள். பாடப்புத்தகம் பை கனக்கும் என்று வகுப்பு அலமாரியில் இருக்கிறது, மறுநாள் தேர்வுக்கு உண்டான புத்தகம் மட்டும்தான் வீட்டுக்கு வரும். ஆக சனி, ஞாயிறு இரண்டு நாளும் என் கையில் இருந்தது மாடி வீட்டு அக்கா கொடுத்த கைடு மட்டும். அவர் பையன் இப்போது எட்டாவது படிக்கிறான். இரண்டு வருஷம் முன்னால் ஆறாவதில் வாங்கியது, அட்டைகூடக் கசங்கவில்லை.

கைடைத் திறந்து மூன்றாம் பாடத்துக்குப் போனேன். ப்ளேயிங் வித் நம்பர்ஸ் என்று தலைப்பு. கடிதத்தில் நம்பர் ப்ளே. பாட எண்ணும் ஒன்று, பெயரும் கிட்டத்தட்ட ஒன்று, எனக்குச் சந்தேகமே வரவில்லை. இரண்டு நாளும் காரணிகள், மடங்குகள், பகா எண்கள், எச்.சி.எஃப்., எல்.சி.எம். எல்லாம் நடத்தினேன். 12, 18 இரண்டுக்கும் எச்.சி.எஃப். 6, எல்.சி.எம். 36 என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் அளவுக்கு அவளைத் தயார் செய்தேன். "இதெல்லாம் மிஸ் நடத்தவே இல்லம்மா" என்று அவள் இரண்டு தடவை சொன்னாள். நீ கவனித்திருக்க மாட்டாய் என்று நான்தான் அதட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டமாக இருக்கிறது.

செவ்வாய் மாலை, கணிதத் தேர்வுக்கு முந்தைய நாள், பாடப்புத்தகம் வீட்டுக்கு வந்தது. மூன்றாம் பாடத்தைத் திறந்தால் எச்.சி.எஃப். இல்லை, எல்.சி.எம். இல்லை, பகா எண் என்ற சொல்லே இல்லை.

நடந்தது இதுதான். ஆறாம் வகுப்புக்கு என்.சி.இ.ஆர்.டி. 2024-இல் புதிய புத்தகம் கொண்டுவந்தது. கணிதப் புத்தகத்தின் பெயர் கணித பிரகாஷ். அக்காவின் பையன் படித்தது அதற்கு முந்தைய பழைய புத்தகம். பழையதில் மூன்றாம் பாடமாக இருந்த பகா எண், காரணி விஷயங்கள் புதியதில் பிரைம் டைம் என்ற ஐந்தாம் பாடத்தில் வருகின்றன. புதிய மூன்றாம் பாடம் முற்றிலும் வேறு. நான் கைடின் பொருளடக்கத்தை ஒரு நிமிடம் பார்த்திருந்தால் போதும், அதில் இரண்டாம் பாடம் ஹோல் நம்பர்ஸ் என்று இருக்கிறது, கடிதத்திலோ லைன்ஸ் அண்ட் ஆங்கிள்ஸ். ஒரு பாடத்தின் பெயர் ஒத்துப்போவதை மட்டும் பார்க்கக் கூடாது, அதற்கு முந்தைய பாடமும் அடுத்த பாடமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஏழு, எட்டாம் வகுப்புப் புத்தகங்கள் 2025-இல் மாறியிருக்கின்றன, அதனால் அந்த வகுப்புகளுக்கு அண்ணன், அக்காவின் பழைய கைடை எடுப்பவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. புத்தகம் பள்ளியில் மாட்டிக்கொண்டால் ncert.nic.in தளத்தில் பாடம் பாடமாக இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். சனிக்கிழமை எனக்கு அது தோன்றவில்லை.

அன்று இரவு ஏழரை மணிக்கு ஆரம்பித்தோம். முதலில் சூப்பர்செல். வரிசையாக எண்கள் எழுதிய கட்டங்களில், பக்கத்தில் இருக்கும் எண்களைவிடப் பெரியது எதுவோ அது சூப்பர்செல். 20, 57, 31, 64, 48 என்று எழுதிக் கொடுத்தேன், 57-ஐயும் 64-ஐயும் உடனே வட்டமிட்டாள். இதை வகுப்பில் செய்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அப்புறம் கப்ரேகர் மாறிலி, அதாவது 6174 என்ற எண். மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த டி.ஆர். கப்ரேகர் 1949-இல் கண்டுபிடித்தது. நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் இலக்கங்களால் ஆகும் மிகப் பெரிய எண்ணிலிருந்து மிகச் சிறிய எண்ணைக் கழிக்க வேண்டும், வரும் விடையில் திரும்பவும் அதையே செய்ய வேண்டும். நான்கு இலக்கமும் ஒன்றாகவே இல்லாத வரை கடைசியில் 6174-இல் வந்து நிற்கும். அவள் 6382 எடுத்தாள். 8632-இல் 2368 போனால் 6264. அடுத்து 6642-இல் 2466 போனால் 4176. அடுத்து 7641-இல் 1467 போனால் 6174, வந்துவிட்டது. ஒரே இடத்தில்தான் தடுமாறினாள், கடன் வாங்கிக் கழிப்பதில். அதை மட்டும் நாலைந்து தடவை போட்டுப் பார்த்தோம். பத்து மணிக்குத் தூங்க அனுப்பிவிட்டேன்.

இருபதுக்கு பதினைந்து வாங்கினாள். கப்ரேகர் கணக்கு ஒன்று வந்ததாம், முழு மதிப்பெண். அந்த இரண்டரை மணி நேரத்துக்கு அது போதும் எனக்கு. மற்ற பாடங்கள் எல்லாம் பிரச்சினை இல்லாமல் போயின.

ஆகஸ்ட் 2, சனிக்கிழமை ஓப்பன் டே அன்று டீச்சரைப் பார்த்தேன். நல்ல மனுஷி, கோபத்தோடு போன என்னால் கோபப்பட முடியவில்லை. ஒவ்வொரு பாட ஆசிரியரும் தங்கள் போர்ஷனைத் தனித்தனியாக அனுப்புகிறார்களாம், இவர் ஒரு வரிசையை அப்படியே காப்பி எடுத்து அடுத்த வரிசையில் ஒட்டி மாற்றிக்கொண்டே போவாராம். அப்படி ஒட்டியபோது கிழமையையும் பாடத்தையும் மாற்றியவர் தேதியை மாற்ற மறந்திருக்கிறார். தேதியும் கிழமையும் முட்டினால், ஒன்றோ இரண்டோ வரிசை இப்படிப் பழையதாகவே நின்றுவிட்டது என்று புரிந்துகொண்டு, மேல் வரிசையோடு வைத்துப் பார்த்தாலே எது மாறாமல் விட்டது என்று தெரியும். நான் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: கணிதத்துக்கும் அறிவியலுக்கும் பாட எண்ணோடு பக்க எண்ணும் போடுங்கள், எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று. பக்க எண் இருந்தால் வேறு புத்தகத்தைத் திறந்த உடனேயே பெற்றோருக்குத் தெரிந்துவிடும். குறித்துக்கொண்டார்.

செப்டம்பரில் அரையாண்டுக் கடிதம் வந்தபோது ஐந்தாவதாக ஒரு கட்டம் இருந்தது, பக்கங்கள் என்று. இந்தத் தடவை பிரைம் டைம் பாடமும் உண்டு. அது இட்லி-வடை என்ற விளையாட்டோடு ஆரம்பிக்கிறது. வரிசையாக எண்ணிக்கொண்டே போய் மூன்றின் மடங்கு வந்தால் இட்லி என்றும், ஐந்தின் மடங்கு வந்தால் வடை என்றும், இரண்டுக்கும் பொதுவானது வந்தால் இட்லி-வடை என்றும் சொல்ல வேண்டும். அக்காவின் கைடைத் திருப்பிக் கொடுக்க மாடிக்குப் போனோம், படி ஏற ஏற எண்ணிக்கொண்டே வந்தவள் பதினைந்தாவது படியில் நின்று "இட்லி-வடை" என்று கத்தினாள்.