சத்தம் கூடினால் மட்டும் வேலை செய்யாத வால்யூம் பொத்தான்

பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக ஓடிக்கொண்டிருக்கும் என் ஹேட்ச்பேக்கில் கம்பெனி ஸ்டீரியோவின் சிடி பகுதி எப்போதோ படுத்துவிட்டது. வண்டி வெளியே போவதெல்லாம் பெரும்பாலும் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கோ தருமபுரிக்கோதான் என்பதால், வழி காட்டவும் போன் பேசவும் டச் ஸ்கிரீன் ஒன்று இருந்தால் போதும் என்று முடிவு செய்தேன். ஆனால் ஸ்டீரிங்கில் உள்ள ஐந்து பொத்தான்களை இழக்க எனக்கு மனமில்லை. இந்த வேலையில் என்னை அதிகம் அலைக்கழித்தவையும் அவைதான்.

ஒன்பது அங்குலத் திரை பார்க்க அழகாக இருந்தாலும், அதற்கென்று வரும் பிளாஸ்டிக் சட்டம் என் வண்டியில் ஏசி திருகுகளுக்கு மேல் நீட்டிக்கொண்டு நின்றது. ஆகவே 178 × 100 மில்லிமீட்டர் அளவுள்ள வழக்கமான டபுள் டின் துளையிலேயே உட்காரும் ஏழு அங்குல ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவை எடுத்துக்கொண்டேன். அதோடு, கடைக்காரர் சொன்னார் என்பதற்காக ஸ்டீரிங் கன்ட்ரோல் அடாப்டர் ஒன்றையும் வாங்கினேன். அது எனக்குத் தேவையே இல்லை என்பது பத்து நிமிட அளவீட்டில் தெரிந்துவிட்டது. அளந்த பிறகு கடைக்குப் போயிருக்க வேண்டும்.

பழைய ஸ்டீரியோவைக் கழற்றினால், அதன் பின்புறக் கப்ளரில் ஸ்டீரிங்கிலிருந்து வரும் இரண்டு ஒயர்கள் இருக்கும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து அந்த இரண்டுக்கும் இடையே பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பொத்தானாக அழுத்தினேன். எதையும் அழுத்தாதபோது மீட்டர் எதுவும் காட்டவில்லை. மியூட்டுக்கு 100 ஓம், சத்தம் குறைக்க 330, கூட்ட 680, அடுத்த பாட்டுக்கு 1,500, மோடுக்கு 3,000 ஓம் என்று, ஓரிரண்டு ஓம் முன்பின்னாக, ஐந்தும் ஐந்து எண்களாக வந்தன. இப்படிப் பொத்தானுக்குப் பொத்தான் மின்தடை மாறினால், ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவில் KEY1 என்று ஒட்டியிருக்கும் ஒயரில் நேராக இணைத்துவிடலாம், அடாப்டர் வேண்டாம். ஸ்டீரியோவுக்கு வருவது முறுக்கிய இரட்டை ஒயராக இருந்து, எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அசையாமல் 60 ஓம் அளவிலேயே நின்றால், அது பொத்தான் கட்டளைகளை டிஜிட்டல் செய்தியாக அனுப்பும் கேன் பஸ். அங்கே அந்தச் செய்தியை ஸ்டீரியோவுக்குப் புரியவைக்க, அந்த வண்டிக்கென்றே செய்யப்பட்ட கேன் பாக்ஸ்தான் வேண்டும். நான் வாங்கிய வகை அடாப்டர், மின்தடைப் பொத்தான்களின் கட்டளையை 3.5 மில்லிமீட்டர் ரிமோட் துளையோ தனி ரிமோட் ஒயரோ உள்ள பிராண்டு ஸ்டீரியோக்களுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுப்பதற்கானது. (இந்த அளவீட்டைக் கப்ளரில் மட்டும் செய்யுங்கள். ஸ்டீரிங் நடுவே உள்ள ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டரில் மீட்டர் முனையை எக்காரணம் கொண்டும் வைக்கக் கூடாது. மீட்டர் அனுப்பும் சிறிய மின்சாரத்தைக்கூட அங்கே நம்ப முடியாது.)

ஒரு ஞாயிறு காலையில் தொடங்கி மதியத்துக்குள் எல்லாவற்றையும் இணைத்தேன். மஞ்சள் நேர் பேட்டரிக்கு, சிவப்பு சாவி போட்டால் வரும் மின்சாரத்துக்கு, கறுப்பு கிரவுண்டுக்கு. ஸ்டீரிங்கின் இரண்டு ஒயர்களில் ஒன்றை KEY1-இல் சேர்த்தேன். மற்றொன்றை, கிரவுண்டு எங்கே இருந்தாலும் கிரவுண்டுதானே என்று, டேஷ்போர்டுக்குள் கைக்கு எட்டிய ஒரு போல்ட்டின் அடியில் செருகி முறுக்கிவிட்டேன். திரையில் ஸ்டீரிங் அமைப்புக்குள் போய், ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திப் பிடித்து அதன் வேலையைச் சொல்லிக் கொடுத்தேன். ஐந்தையும் முதல் தடவையிலேயே கற்றுக்கொண்டது.

கோளாறு தெரிந்தது காவேரிப்பட்டணம் தாண்டிய பிறகுதான். பாட்டைச் சற்று உரக்க வைத்துக்கொண்டு போனபோது போன் வந்தது. சத்தத்தைக் குறைக்க அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு முறை அழுத்தியபோது மியூட் ஆகிவிட்டது. வண்டியை ஓரங்கட்டி, திரையில் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்த்தால் எல்லாப் பொத்தான்களும் ஒழுங்காக இருந்தன. மறுபடியும் கூட்டினால் மறுபடியும் அதே தொல்லை. குறைக்கும் பொத்தான், குறைக்க வேண்டிய நேரத்தில் மட்டும் வேலை செய்யாமல் போவது எனக்கு விளங்கவே இல்லை.

எங்கள் தெருமுனையில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் தம்பியிடம் சொன்னபோது, அவர் வண்டியைப் பார்க்காமலேயே கேட்டார்: “அண்ணா, ஸ்டீரிங் கிரவுண்டை பாடியில போட்டுட்டீங்களா?” ஆமாம் என்றதற்கு, “செட்டு கிரவுண்டும் பாடி கிரவுண்டும் ஒண்ணுன்னு நினைச்சுக்காதீங்க, சத்தம் வச்சு மீட்டர்ல பாருங்க” என்றார்.

பார்த்தேன். ஸ்டீரியோவின் உலோகப் பெட்டியில் ஒரு முனையும் பேட்டரி நெகட்டிவில் மறுமுனையும் வைத்து வோல்ட் அளந்தால், சத்தம் குறைவாக இருக்கையில் கிட்டத்தட்ட சுழியமாக இருந்த எண், பாட்டில் பாஸ் அடிக்கும் போதெல்லாம் 0.3 வோல்ட் வரை துள்ளியது. நான் முறுக்கி டேப் சுற்றிய கறுப்பு ஒயரின் மெல்லிய இணைப்பு வழியாக, உரத்த சத்தத்துக்கு வேண்டிய சில ஆம்பியர் மின்சாரம் திரும்பிப் போவதால் வரும் இழப்பு அது. பெட்டி பிளாஸ்டிக் சட்டத்தில் உட்கார்ந்திருப்பதால் பாடியோடு அதற்கு நல்ல தொடர்பும் இல்லை.

இது பொத்தானை எப்படிக் குழப்புகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். KEY1 ஒயரைக் கழற்றி அளந்தபோது 3.3 வோல்ட் இருந்தது. திரும்ப இணைத்து 100 ஓம் பொத்தானை அழுத்தினால் 0.30 ஆனது. அப்படியென்றால் ஸ்டீரியோவுக்குள் 1,000 ஓம் தடை ஒன்று இருக்கிறது. அந்தக் கணக்கில் சத்தம் குறைக்கும் 330 ஓம் பொத்தான் 0.82 வோல்ட்டாகத் தெரிய வேண்டும். ஸ்டீரியோ கற்று வைத்திருப்பதும் அதைத்தான். ஆனால் ஸ்டீரியோவின் கிரவுண்டு பாடியைவிட 0.3 வோல்ட் உயர்ந்து நிற்கும் கணத்தில், அதே பொத்தான் அதற்கு 0.59 வோல்ட்டாகத் தெரிகிறது. அது மியூட்டின் 0.30-க்கும் தன் சொந்த 0.82-க்கும் ஏறத்தாழ நடுவில் விழுவதால், ஒரு சமயம் எதுவும் ஆகாது, ஒரு சமயம் மியூட் ஆகும். மோடு, அடுத்த பாட்டுப் பொத்தான்களின் வோல்ட் இந்த ஏற்றத்தில் அவ்வளவாக நகர்வதில்லை. அதனால்தான் அவை தப்பித்தன.

சரிசெய்வதற்கு முன், ஸ்டீரிங்கின் அந்தத் திரும்பு ஒயரைப் போல்ட்டிலிருந்து எடுத்து, அதற்கும் பாடிக்கும் இடையே ஓம் அளந்தேன். தொடர்பு இல்லை என்று காட்டியது. அதாவது அது தனி ஒயர், ஸ்டீரியோவுக்கே கொண்டுபோகலாம். அங்கே சுழியம் காட்டும் வண்டிகளில் ஸ்டீரிங் பாடியோடு ஏற்கெனவே பிணைந்திருக்கும். அவற்றில் ஸ்டீரியோவின் கறுப்பு ஒயரைத் தடிமனாக்குவது ஒன்றுதான் வழி. நான் இரண்டையும் செய்தேன். திரும்பு ஒயரை KEY-GND என்ற ஒயரில் சேர்த்தேன். கறுப்பு ஒயரின் முறுக்கைப் பிரித்து, தடித்த ஒயர் வைத்து சால்டர் செய்து, பெயின்ட் சுரண்டிய ஒரு போல்ட்டில் வளையம் போட்டு இறுக்கினேன். துள்ளல் 0.04 வோல்ட்டுக்கு இறங்கியது. பொத்தான்களைப் புதிதாகக் கற்றுக்கொடுத்துவிட்டு, அதே உரத்த சத்தத்தில் தொப்பூர் கணவாய் வரை போய்த் திரும்பினேன். ஒரு தடவைகூடப் பிசகவில்லை.

ஐந்து ஓம் எண்களையும் ஒரு சீட்டில் எழுதி, ஸ்டீரியோவின் பின்புறத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஸ்டீரிங் திருப்பும்போது ஒயரைச் சுருட்டி விரிக்கும் கிளாக் ஸ்பிரிங் தேய ஆரம்பித்தால், இந்த எண்கள் ஒவ்வொன்றும் ஒரே அளவு கூடிக் காட்டும். அன்றைக்கு ஒப்பிட்டுப் பார்க்க அந்தச் சீட்டு வேண்டும். அடாப்டர் இன்னும் பெட்டி பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது.