வியாழக்கிழமை இரவு வந்த பாராட்டு

மெல்பர்னின் மேற்குப் புறநகர் ஒன்றில் குடியேறிய முதல் கோடையிலேயே பக்கத்துத் திடலில் ஆடும் கிரிக்கெட் கிளப்பில் சேர்ந்தேன். எனக்குக் கிடைத்தது கடைசி அணி. ஆட்டத்தைவிட அங்கிருந்தவர்களின் பேச்சு பழகத்தான் அதிக நாள் பிடித்தது.

இரண்டாவது வாரம் கைக்கு வந்த ஒரு கேட்சை விட்டேன். அன்று மாலை வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் "சேஃப் ஹேண்ட்ஸ், லெஜண்ட்" என்று எனக்கு எழுதினார். நான் வருத்தம் தெரிவித்து நாலு வரி பதில் போட்டேன். குழு அமைதியாகிவிட்டது. அடுத்த பயிற்சியில் எங்கள் கேப்டன் தனியாக அழைத்து, "உன்னைச் சீண்டுகிறார்கள் என்றால் உன்னைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று அர்த்தம். நீயும் ஏதாவது திருப்பிச் சொல்லு, போதும்" என்றார். அதிலிருந்து ஒன்று பிடிபட்டது. இங்கே சீண்டலுக்குப் பார்வையாளர்கள் வேண்டும். அது பெரும்பாலும் குழுவில்தான் நடக்கும், எல்லாருக்கும் தெரிந்த ஒரு தவறுக்கு நேர் எதிரான புகழ்ச்சியாக வரும்.

அதனால்தான் ஜனவரியில் வந்த ஒரு செய்தி என்னைக் குழப்பியது. முந்தின சனிக்கிழமை 31 ரன்னுக்கு ஐந்து விக்கெட் போயிருந்தபோது இறங்கி, 62 பந்தில் 14 ரன் எடுத்திருந்தேன். வியாழக்கிழமை இரவு கிளப்பில் அரைகுறைப் பழக்கமுள்ள ஒருவர் தனிச் செய்தி அனுப்பினார்: "உன் இன்னிங்ஸ் ரொம்பப் பிடித்தது, மேட். டெக்ஸ்ட்புக்."

62 பந்தில் 14 ரன் என்பது கேலிக்கு வசதியான கணக்கு. ஆனால் கேலி என்றால் குழுவில் போட்டிருப்பாரே, தனியாக எதற்கு? சரி, உண்மையான பாராட்டு என்றால் ஐந்து நாள் கழித்து ஏன்? வியாழக்கிழமை அணித் தேர்வு நடக்கும் நாள். ஆள் குறைகிறது, ஸ்கோர் எழுத ஆளில்லை என்ற தவிப்பெல்லாம் அன்றிரவுதான் வரும்.

ஊர் வழக்கப்படி "என்ன விஷயம், சொல்லுங்க" என்று கேட்கக் கை பரபரத்தது. கேட்கவில்லை. பாராட்டு மெய்யாக இருந்தால் அந்தக் கேள்வி அவரைக் குத்தும், தேவை இருந்தால் அவரே சொல்லட்டும். "நன்றி மேட், பொறுமைதான் கைகொடுத்தது" என்று மட்டும் எழுதினேன். அது கேலியாக இருந்திருந்தாலும் பொருந்தியிருக்கும்.

இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. "அந்த இடக்கைக்காரன் வெளியே போட்டதை எல்லாம் தொடாமல் விட்டாயே, அதைச் சொன்னேன். அப்புறம், சனிக்கிழமை மதியம் மூன்றாம் அணிக்கு ஸ்கோர் எழுத முடியுமா?"

அதாவது இரண்டும்தான். அவர் எல்லைக் கோட்டருகே நின்று பந்து பந்தாகப் பார்த்திருக்கிறார். சும்மா புகழ்கிறவருக்கு அந்த இடக்கைப் பந்துவீச்சாளர் நினைவில் இருக்க மாட்டார். உதவியும் வேண்டியிருந்தது, அதை மறைக்கவில்லை.

இந்த இடத்தில்தான் நம்மவர் வழக்கம் வேறுபடுகிறது. நம் தமிழ் வட்டத்தில் ஒருவர் என் குடும்பப் படத்தைப் பார்த்து, "அண்ணா, பத்து வயசு குறைஞ்சிட்டீங்க" என்று எழுதினார். மறுநாள் பிள்ளைகளை விசாரித்தார். ஒரு வாரம் கழித்து, "டிசம்பர்ல சென்னை போறீங்களாமே, ஒரு மூணு கிலோ..." என்று வந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. எடுத்த எடுப்பில் உதவி கேட்பது மரியாதையில்லை என்று வளர்ந்தவர்கள் நாம். அந்த ஒரு வாரம் அவர் காட்டிய மரியாதை. ஆனால் எந்தப் படத்துக்கும் பொருந்தும் அந்தப் பாராட்டு, என் பயணத்தேதி அவர் காதுக்கு எட்டியபின் வந்தது. இங்குள்ளவர்கள் பாராட்டையும் கோரிக்கையையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். முதலில் அது எனக்கு முரட்டுத்தனமாகப் பட்டது, இப்போது நிம்மதியாக இருக்கிறது.

ஸ்கோர் எழுத எனக்கு வழியில்லை, மகளுக்கு அன்று பரதநாட்டிய வகுப்பு. காரணத்தைச் சொல்லி, முடியாது என்று எழுதினேன். "நோ டிராமாஸ்" என்றார், அவ்வளவுதான். அவர் சொன்னது எவ்வளவு மெய் என்பது இனிமேல்தான் தெரியும் என்று நினைத்தேன். மறுத்த பிறகு பாராட்டு என்ன ஆகிறது என்பதைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்.

செவ்வாய்க்கிழமை வலைப்பயிற்சியில் அவர் தன் பதின்மூன்று வயது மகனை என்னிடம் அழைத்து வந்தார். "இவர்தான். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்தை எப்படி விடுவது என்று இவரிடம் கேள்" என்று அவனிடம் சொல்லிவிட்டு, திடலைச் சுற்றி ஓடப் போனார்.