உளுந்து நனைஞ்ச பிறகு காப்பீட்டுக் கடிதத்தோடு அலைஞ்ச கதை

மாமா தன் போனை நீட்டி, "இதுல என்ன போட்டிருக்கான்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லு மாப்ள" என்றபோது வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. காப்பீட்டு நிறுவனத்தின் தாலுகா பிரதிநிதி வாட்ஸப்பில் அனுப்பிய இரண்டு பக்க ஆங்கிலக் கடிதம். அது முந்தின நாளே வந்துவிட்டது. வங்கியில் காட்டியிருக்கிறார். "போன்ல சொல்லியாச்சுல்ல, அது போதும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

போதவே போதாது. சம்பா அறுத்த வயலில் போட்ட உளுந்து. ஞாயிற்றுக்கிழமை செடியைப் பிடுங்கி வயலிலேயே காயப் போட்டிருந்தார். செவ்வாய் ராத்திரி மழை கொட்டி, காயெல்லாம் செடியிலேயே முளைவிட ஆரம்பித்துவிட்டது. மறுநாள் பயிர்க் காப்பீட்டு உதவி எண் 14447-க்குப் போன் செய்து பதிவு எண்ணும் வாங்கிவிட்டார். அதுவரை சரி.

கடிதத்தில் இரண்டு இடத்தில் கண் நின்றது. முதலாவது, பயிரின் நிலை. "தண்ணி நின்னுடுச்சு" என்று மாமா சொன்னதை வைத்து, நிற்கும் பயிரை வெள்ளம் மூழ்கடித்ததாகப் பதிந்திருந்தார்கள். அது வேறு பிரிவு. அறுத்துக் காயப் போட்ட பயிர் பருவம் தப்பிய மழையில் கெட்டால் அது அறுவடைக்குப் பிந்தைய இழப்பு. அறுவடையிலிருந்து 14 நாளைக்குள், வயலிலேயே பரப்பியோ சிறு கட்டாகவோ கிடந்தால்தான் செல்லும். இப்படியே விட்டிருந்தால், ஆய்வுக்கு வருபவர் வயலில் நிற்கும் பயிரே இல்லை என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்.

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் இதெல்லாம் கூடுதல் பாதுகாப்புதான். எந்தப் பயிருக்கு எது உண்டு என்பதை மாநில அரசின் அறிவிக்கை தீர்மானிக்கும். அதனால் முதலில் வட்டார வேளாண் அலுவலகத்துக்குப் போன் செய்து, நம் உளுந்துக்கு இது உண்டு என்று உறுதி செய்துகொண்டேன். நீங்களும் கேட்டுவிட்டு அலையுங்கள்.

இழப்பைத் தெரிவிக்க 72 மணி நேரம் உண்டு. செவ்வாய் ராத்திரியிலிருந்து எண்ணினால் வெள்ளி ராத்திரியோடு முடிகிறது. உடனே 14447-ஐப் பிடித்து, பழைய பதிவு எண்ணைச் சொல்லி, "செடி பிடுங்கி வயல்ல காயப் போட்டது" என்பதை அழுத்திச் சொன்னோம். அந்த அம்மா திருத்தித் தர மறுத்து, புதிதாக ஒரு பதிவு போட்டு வேறு எண் கொடுத்தார். இரண்டு எண்ணையும் எழுதி வைத்துக்கொண்டோம். வயலுக்குப் போய் Crop Insurance செயலியிலும் முளைவிட்ட காய் தெரிகிற மாதிரி படம் ஏற்றினோம்.

இரண்டாவது, பூர்த்தி செய்த படிவத்துக்கான ஏழு நாள். மாமா கடிதம் கிடைத்த நாளிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தார். கடிதத்தில் இருந்ததோ இழப்பு நடந்த நாளிலிருந்து. அதாவது அடுத்த செவ்வாய். நடுவில் சனி, ஞாயிறு.

படிவத்தோடு வைக்கச் சிட்டாவை eservices.tn.gov.in தளத்தில் எடுத்தாயிற்று. ஆதார், வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம், பிரீமியம் கட்டிய ரசீது எல்லாம் வீட்டிலேயே இருந்தன. சிக்கியது அடங்கல்தான். வி.ஏ.ஓ. அலுவலகத்தில் எடுத்துப் பார்த்தால் அந்தச் சர்வே எண்ணில் சம்பா நெல் மட்டுமே ஏறியிருக்கிறது. உளுந்தைக் காணோம். "நான் வந்து பார்க்காம எப்படி எழுதுறது, திங்கட்கிழமை வாங்க" என்றார். திங்கட்கிழமை போனால் அவர் தாலுகா அலுவலகக் கூட்டத்தில்.

அப்போதுதான் பொறி தட்டியது. காப்பீடு பதியும்போதே உளுந்துக்கு விதைப்புச் சான்று கொடுத்திருப்பார்களே! பதிவு செய்த இ-சேவை மையத்துக்குப் போனோம். "அதெல்லாம் அப்பவே கொடுத்தாச்சு" என்று முகத்தைக்கூட நிமிர்த்தாமல் சொன்னான் அந்தப் பையன். கணினியில் ஏற்றியது இருக்குமே, விண்ணப்ப எண் போட்டுப் பார் தம்பி என்று நின்றேன். முனகிக்கொண்டே தேடினான். இருந்தது! அதே வி.ஏ.ஓ. கையெழுத்து, அதே சர்வே எண், பயிர் உளுந்து. பிரிண்ட் எடுத்துக்கொண்டோம். உங்களிடம் அந்தச் சான்று இருந்தால் பதிகிற அன்றே ஒரு படம் பிடித்து வையுங்கள்.

படிவத்தில் அறுவடைத் தேதி, இழப்புத் தேதி என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். இரண்டிலும் ஒரே தேதியைப் போட்டுவிடாதீர்கள், 14 நாள் கணக்கே அதை வைத்துத்தான். பாதிப்புப் பரப்பு என்ற இடத்தில் மாமா இன்சூர் செய்த இரண்டரை ஏக்கரையும் எழுதச் சொன்னார். கெட்டது தாழ்வாக இருந்த ஒன்றரை ஏக்கர்தான். அதையே எழுதினேன். நேரில் அளக்கத்தானே வருகிறார்கள்.

செவ்வாய் மதியம் நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் கொடுத்தோம். "வச்சிட்டுப் போங்க" என்றார் அங்கிருந்தவர். நகலில் தேதியோடு சீல் போடாமல் நகரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். அரை மணி நேரம் கழித்துச் சீல் விழுந்தது.

அதுவரை மாமாவுக்கு ஒரே துடிப்பு, மிச்சத்தையாவது அடித்துத் தூற்றிவிடலாமென்று. ஆய்வு முடிகிறவரை கெட்ட ஒன்றரை ஏக்கரில் கை வைக்காதீர்கள் என்று தடுத்து வைத்தேன். தகவல் சொன்ன 48 மணி நேரத்துக்குள் மதிப்பீட்டாளரை நியமித்து, அடுத்த பத்து நாளைக்குள் ஆய்வை முடிக்க வேண்டும் என்பது விதி. வியாழக்கிழமை அவரும் உதவி வேளாண் அலுவலரும் சேர்ந்து வந்து பார்த்து, மாமாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். கையெழுத்துப் போடும் முன் பயிர் நிலை என்ன எழுதியிருக்கிறது என்று நான் ஒரு தடவை படித்துப் பார்த்தேன். இந்த முறை சரியாக இருந்தது. பணம் இன்னும் வரவில்லை.