ஆரை மாறினால் நெடுக்குவெட்டும் மாறும்

கொழும்பில் வீதி மையக்கோடு என்றால் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும் வீதிக்கு மையக்கோடு பிடிப்பதுதான். இரு பக்கமும் மதில், மின்கம்பம், வடிகால். வெள்ளவத்தை, தெமட்டகொடை பக்கத்து ஒழுங்கைகளில் அரை மீற்றர் தள்ளிப் போட்டாலே யாருடையவோ கேற்றுக்குள் போய்விடும். ஆகவே கையேட்டிலுள்ள ஆரையை எடுத்து வைப்பதைவிட, அளவைப் புள்ளிகள் சொல்லும் ஆரையைக் கண்டுபிடிப்பதே முதல் வேலை.

நேர்த்துண்டுகள் இலகு. இடது, வலது தார் ஓரப் புள்ளிகளுக்கு நடுவே ஒரு கோடு பொருத்த வேண்டும். இரு ஓரப் புள்ளிகளும் நேரெதிரே எடுக்கப்பட்டிருக்காது என்பதால் புள்ளிக்குப் புள்ளி சராசரி எடுக்கக் கூடாது. ஒவ்வோர் ஓரத்துக்கும் தனிக்கோடு பொருத்தி, அவற்றின் நடுவைப் பிடிப்பது நல்லது. அடுத்தடுத்த இரண்டு நேர்த்துண்டுகளையும் நீட்டினால் அவை வெட்டும் புள்ளி கிடைக்கும், அங்கேயே விலகு கோணமும் கிடைக்கும்.

ஆரைக்கு வளைவின் மேல் ஒரு நாணை வரைந்து, நாணின் நடுவிலிருந்து வளைவுக்குள்ள தூரத்தை அளந்தால் போதும். நாண் c, நடுத்தூரம் m என்றால்:

```
R = c²/(8m) + m/2
```

20 மீற்றர் நாணுக்கு நடுத்தூரம் 0.84 மீற்றர் வந்தால் ஆரை ஏறத்தாழ 60 மீற்றர். ஆனால் கொழும்புத் தார் ஓரம் கத்தியால் வெட்டியது போல இருப்பதில்லை. ஒட்டுப்போட்ட இடம், உடைந்த விளிம்பு என்று 10 சென்ரிமீற்றர் பிசகுவது சாதாரணம். நடுத்தூரம் 0.74 ஆகிவிட்டால் அதே கணக்கு 68 மீற்றர் என்று சொல்லும். அதே வளைவில் 36 மீற்றர் நாண் எடுத்தால் நடுத்தூரம் 2.76, அதில் 10 சென்ரிமீற்றர் குறைந்தாலும் ஆரை 62 மீற்றரைத்தான் தொடும். வளைவுக்குள் அடங்கக்கூடிய மிக நீளமான நாணைத்தான் எடுக்க வேண்டும். அவசரத்தில் மூன்று புள்ளிகளைச் சொடுக்கி வட்டம் போடுகிறவர்கள் அநேகமாகப் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளையே தேர்கிறார்கள். திரையில் வட்டம் அழகாக உட்காரும், வளைவு முடியும் இடத்தில்தான் அது மதிலை நோக்கிப் போவது தெரியவரும்.

இப்போது ஒரு வளைவை முழுதாகக் கணக்கிடுவோம். வெட்டுப்புள்ளியின் செயினேஜ், அதாவது வீதியின் தொடக்கத்திலிருந்து மையக்கோட்டின் வழியே அளந்த தூரம், 0+240.000, விலகு கோணம் Δ 40°, ஆரை R 60 மீற்றர். தொடுகோட்டு நீளம் T, வில் நீளம் L, வெட்டுப்புள்ளியிலிருந்து வளைவின் நடு வரையுள்ள தூரம் E.

```
T = R × tan(Δ/2)           = 21.838
L = R × Δ × π/180          = 41.888
E = R × (1/cos(Δ/2) − 1)   =  3.851
```

வளைவின் தொடக்கம் 240.000 − 21.838 = 0+218.162. முடிவு 218.162 + 41.888 = 0+260.050. வெட்டுப்புள்ளியோடு தொடுகோட்டு நீளத்தைக் கூட்டி 261.838 என்று எழுதுவது பழைய தவறு, இன்னும் ஒழியவில்லை. வாகனம் வெட்டுப்புள்ளி வழியாகப் போவதில்லை, வில்லின் வழியே குறுக்காகப் போகிறது. இரண்டுக்கும் இடையே 1.788 மீற்றர் வித்தியாசம். அதாவது, தொடுகோடு இரண்டின் கூட்டுத்தொகையிலிருந்து வில் நீளத்தைக் கழித்தால் வருவது.

இந்த 1.788ஐ நினைவில் வைத்துக்கொண்டு நெடுக்குவெட்டுக்கு, அதாவது மையக்கோட்டின் வழியே மட்டம் ஏறி இறங்குவதைக் காட்டும் படத்துக்கு, வருவோம். மையக்கோட்டின் மேல் நேரடியாக அளந்த மட்டங்கள் குறைவாகவே இருக்கும். மற்றவை புள்ளிகளை முக்கோணங்களாக இணைத்து எடுக்கப்படுபவை. வடிகாலின் அடிமட்டப் புள்ளியை எதிர்ப்பக்கத் தார் ஓரத்தோடு மென்பொருள் இணைத்துவிட்டால், மையக்கோட்டில் இல்லாத பள்ளம் ஒன்று நெடுக்குவெட்டில் தோன்றும். தார் ஓரம், வடிகால் விளிம்பு இரண்டையும் முக்கோணங்கள் குறுக்கே கடக்காத முறிகோடுகளாகக் கொடுத்தால் இது நிற்கும்.

கொழும்புக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. மட்டம் பதியாத புள்ளிக்குப் பூச்சியம் விழும். கண்டியில் அப்படியொரு புள்ளி விழுந்தால் நெடுக்குவெட்டு பாதாளத்துக்குப் போய்விடும், கண்டுபிடிக்க ஒரு நொடி. கொழும்பின் தாழ்நிலத்திலோ வீதியே கடல்மட்டத்திலிருந்து ஓரிரு மீற்றர் உயரத்தில்தான் இருக்கிறது. பூச்சியம் அங்கே ஒரு வடிகால் அடிமட்டம் போல நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கும். செங்குத்து அளவுத்திட்டத்தைப் பத்து மடங்கு பெருக்கினாலும் கண்ணுக்குச் சந்தேகம் வராது. ஆகவே முக்கோணம் போடுமுன் மட்டம் சரியாக 0.000 ஆக உள்ள புள்ளிகளை வடிகட்டி எடுப்பது இங்கே கட்டாயம். மதிலில் அரியம் பிடிக்காமல் நேரே லேசரால் எடுத்த மூலைகளையும் விலக்க வேண்டும். அவற்றின் மட்டம் நிலத்தினுடையது அல்ல, மதிலில் லேசர் பட்ட இடத்தினுடையது.

சரிவு போடும்போது தட்டை நிலத்துக்கு வேறு கணக்கு. 0.6% இறக்கம் 0.4% ஏற்றத்தைச் சந்திக்கிறது, சந்திப்பு 0+300இல், நிலைக்குத்து வளைவின் நீளம் 40 மீற்றர் என்று வைப்போம். வளைவு 0+280இல் தொடங்கும். மிகத் தாழ்ந்த இடம் தொடக்கத்திலிருந்து 0.6 × 40 / 1.0 = 24 மீற்றரில், அதாவது 0+304இல் வருமே தவிர 0+300இல் அல்ல. வடிகால் வாயை சந்திப்புப் புள்ளியில் வைத்தால் தண்ணீர் நாலு மீற்றர் தள்ளித் தேங்கும். இந்த வளைவில் சரிவு 0.3%ஐ விடக் குறைந்திருக்கும் நீளம் 24 மீற்றர். ஓட்டம் சொகுசாக இருக்கட்டும் என்று வளைவை 100 மீற்றருக்கு நீட்டினால் அந்த நீளம் 60 மீற்றராகும். ஒக்ரோபர் மழையில் அந்த 60 மீற்றரும் குளம்தான். பள்ளமான இடத்தில், வேகம் குறைந்த நகர வீதிக்கு, விதி அனுமதிக்கும் குறுகிய வளைவே என் தெரிவு.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் வழக்கமாக, மதில் இடிக்கிறது, ஆரையைக் குறையுங்கள் என்று சொல்லி அனுப்புவார்கள். 60ஐ 45 ஆக்குவோம். தொடுகோடு 16.379, வில் 31.416, வித்தியாசம் 1.788இலிருந்து 1.342ஆகக் குறையும். வளைவுக்கு அப்பாலுள்ள ஒவ்வொரு புள்ளியின் செயினேஜும் 0.446 மீற்றர் கூடும். 0.6% சரிவில் அது 3 மில்லிமீற்றர்கூட இல்லை, மட்டத்தைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் 0+304இல் இருந்த வடிகால் வாய் இப்போது 0+304.446. அந்த வாய் தரையில் அசையவில்லை, எண்தான் அசைந்தது. இடது வளைவு, வலது வளைவு என்று ஒன்றையொன்று சமன் செய்துவிடும் என நினைப்பதும் வீண். ஆரை குறைந்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் நீளம் கூடவே செய்யும். ஐந்து வளைவுகளை இப்படிக் குறைத்தால் இரண்டு மீற்றருக்கு மேல் சேர்ந்துவிடும்.

வளைவுக்குள் சிக்கல் இதைவிடப் பெரியது. வெட்டுப்புள்ளியிலிருந்து வளைவின் நடு வரையுள்ள தூரம் 3.851இலிருந்து 2.888 ஆகிறது, மையக்கோடு பக்கவாட்டில் 0.96 மீற்றர் நகர்ந்துவிட்டது. பழைய நிலமட்டக் கோடு இப்போது வேறொரு இடத்தின் மட்டம். சில மென்பொருட்களில் நெடுக்குவெட்டு மையக்கோட்டோடு பிணைந்திருக்கும், தானாகவே புதுப்பிக்கும். ஆனால் கையால் இட்ட சரிவுச் சந்திப்புகள் பழைய செயினேஜிலேயே நிற்கும். நிலைப்படமாக ஏற்றுமதி செய்த கோடு ஒன்றும் மாறாது.

மாறியதா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. தரையில் அசையாத ஒரு பொருளை, உதாரணமாக வளைவுக்கு அப்பாலுள்ள மேன்ஹோல் மூடியை, கிடைப்படத்தில் மையக்கோட்டுக்குச் செங்குத்தாக இறக்கி அதன் செயினேஜைப் படிக்கவும். பிறகு நெடுக்குவெட்டில் அதே மூடிக்குக் குறித்திருக்கும் செயினேஜைப் பார்க்கவும். இரண்டுக்கும் 0.446 வித்தியாசம் வந்தால், நெடுக்குவெட்டு இன்னும் 60 மீற்றர் ஆரையில்தான் இருக்கிறது.