அழிக்கிறதோ, திருத்துறதோ?

"அண்ணை, வீடியோவை அழிச்சுப்போட்டுத் திரும்ப ஏத்தட்டோ?"

பரந்தன் சந்தித் தேத்தண்ணிக் கடையில் தம்பி முகம் வாடி இருந்தான்.

அவன்ர யூடியூப் வீடியோவில் 2:14 இல், கிளிநொச்சி மாவட்டம் 1978 இல் உருவானதாகச் சொல்லிவிட்டான். அது முல்லைத்தீவு. கிளிநொச்சி, யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பிரிந்தது 1984 இல்.

அழித்தால் பார்வைகளும் கருத்துகளும் ஏற்கெனவே பகிர்ந்த இணைப்பும் போய்விடும். அதே இணைப்பில் வேறு வீடியோவை மாற்றி வைக்கவும் யூடியூப் விடாது. வீடியோ விவரத்தில் திருத்தம் எழுதச் சொன்னேன்.

முதலில் "சில பிழைகள் உள்ளன, மன்னிக்கவும்" என்று எழுதினான். எந்தப் பிழை எண்டு ஆருக்குத் தெரியும்? மன்னிப்பு பிறகு கேட்கலாம், ஆண்டைச் சொல்லடா.

கடைசியில் இப்படி:

```
Correction:
2:14 கிளிநொச்சி மாவட்டம் உருவானது 1984 இல். 1978 என்று சொன்னது தவறு; அது முல்லைத்தீவு உருவான ஆண்டு.
```

முதல் வரி தமிழ் வீடியோவுக்கும் ஆங்கிலத்திலேயே, தனியாக இருக்கவேண்டும். நேரமும் விளக்கமும் ஒரே வரியில். அத்தியாய நேரங்கள் போட்டிருந்தால் அவற்றுக்குக் கீழே. அப்போதுதான் அந்த இடம் ஓடும்போது திரையின் மேல்மூலையில் திருத்த அட்டை எட்டிப்பார்க்கும்.

விவரத்தைத் திறந்து வாசிக்கிற ஆக்கள் குறைவு. அதனால் அதே வரியைக் கருத்துப்பகுதியின் உச்சியிலும் பின் பண்ணினான்.

வாட்ஸ்அப்பில் சுற்றுகிற பிரதிக்கு இது எதுவும் ஒட்டாது. மாமா அதைக் குடும்பக் குழுவில் எப்பவோ போட்டுவிட்டாராம். அங்கே தனியாக ஒரு குரல்பதிவுதான்.