ஸ்ரோர் அண்ணைக்கு ஓர் அனுதாபக் குறிப்பு

கிளிநொச்சிப் பக்கத்தில் நெல் கொள்வனவு செய்யும் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் நான் எழுதுவினைஞராக இருந்தபோது, நாங்கள் ஸ்ரோர் அண்ணை என்று கூப்பிடும் எங்கள் களஞ்சியப் பொறுப்பாளர் காலமானார். எட்டுச்செலவு அன்று வீட்டாரிடம் கொடுக்க ஓர் அனுதாபக் குறிப்பு தேவைப்பட்டது. தலைவர் தமது தொலைபேசியிலிருந்த செயற்கை நுண்ணறிவுச் செயலியில் எழுதுவித்து எனக்கு அனுப்பினார்: “உங்கள் அன்புக்குரியவரின் இழப்பைக் கேட்டு ஆழ்ந்த வருத்தமடைந்தோம். இந்தக் கடினமான நேரத்தில் எங்கள் எண்ணங்கள் உங்களுடன் இருக்கும். அவரது அர்ப்பணிப்பு என்றும் நினைவுகூரப்படும்.”

இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் அதை எங்கள் காவலாளிக்கோ, நான் இறந்தால் எனக்கோ ஒரு சொல்லும் மாற்றாமல் கொடுத்துவிடலாம். செத்தவீட்டில் யாரும் “கடினமான நேரம்” என்று சொல்லி நான் கேட்டதும் இல்லை.

ஆகவே அவரோடு வேலை செய்தவர்களிடம், “அண்ணை காலமை வந்தவுடன் என்ன செய்வார்?” என்று மட்டும் கேட்டேன். “எப்படிப்பட்டவர்?” என்று கேட்டிருந்தால் “தங்கமான மனுசன்” என்பதோடு முடிந்திருக்கும். மூட்டை தூக்கும் தம்பி இரண்டு விடயங்கள் சொன்னான். நெல்லின் ஈரப்பதம் 14 வீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பதற்காகச் சங்கத்தில் மானி இருந்தும், அண்ணை முதலில் இரண்டு மணியைக் கடைவாயில் வைத்துக் கடித்துப் பார்ப்பார். காய்ந்த நெல் ‘டக்’ கென்று உடையும், ஈர நெல் நசியும். நிறுத்து முடிந்ததும் தராசடியில் சிந்தியதைக் கூட்டி அள்ளி, அதே விவசாயியின் சாக்கில் போடுவார். பனங்கட்டியோடு பிளேன்ரீ குடிப்பதையும் ஒருவர் சொன்னார். ஆனால் அவருக்குச் சீனி வருத்தம் இருந்ததாலும், வீட்டுக்குத் தெரியாமல் குடித்திருக்கக்கூடும் என்பதாலும் அதை விட்டுவிட்டேன்.

இந்த இரண்டையும் செயலிக்குக் கொடுத்தபோது, சிந்திய நெல்லை அவரது “நேர்மையின் சின்னம்” ஆக்கியதோடு, அவருக்கு இல்லாத பேரப்பிள்ளைகளுக்கும் ஆறுதல் சொன்னது. பழக்கத்துக்குப் பொருள் சொல்லத் தொடங்கினால் ஆள் மறைந்து மேடைப் பேச்சு வந்துவிடுகிறது. அதனால் கையால் எழுதினேன்:

“அக்கா, எங்கள் ஸ்ரோர் அண்ணை நெல்லைக் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் மானியை எடுப்பார். தராசடியில் சிந்திய நெல்லைக் கூட்டி, நெல் கொண்டுவந்தவரின் சாக்கிலேயே போடுவார். இந்தப் போகமும் நெல் வரும். அந்த இடத்தில் அவரைத் தேடுவோம்.”

‘திரு’ போட்டு முழுப்பெயர் எழுத வேண்டும் என்று தலைவர் சொன்னார். கடித உறையில் அப்படியே எழுதினேன். உள்ளே ஸ்ரோர் அண்ணையாகவே விட்டேன், ஏனென்றால் சங்கத்தில் யாரும் அவரை வேறு பெயரால் கூப்பிட்டதில்லை.

அக்கா வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அந்தக் கடைவாய்ப் பல்லு நோகுது எண்டு எத்தினை நாள் சொன்னவர், ஏனெண்டு இப்பதான் விளங்குது” என்றார்.