மாமியின் வீட்டுப் பச்சை சைக்கிள்

கொக்குவிலில் மாமியின் வீட்டு மாட்டுக் கொட்டிலுக்குள் பல வருடங்களாகச் சாத்தி வைத்திருந்த அப்பப்பாவின் சைக்கிளை எடுத்துத் திருத்த வேண்டும் என்று போன மாசி மாதம் தீர்மானித்தேன். உதிரிப்பாகம் தேடுவதென்றால் முதலில் அது என்ன சைக்கிள், எந்த ஆண்டினது என்று தெரிய வேண்டும். மாமிக்கு அதில் சந்தேகமே இல்லை. "உது றலி தம்பி. ஐயா முதல் சம்பளத்தில, 48ல வாங்கினவர்" என்றார். எங்கள் குடும்பத்தில் எல்லாரும் சொல்லி வந்ததும் அதுதான். ஆனால் சைக்கிளில் அதை உறுதிப்படுத்த ஒன்றுமே இல்லை. முழுச் சட்டத்துக்கும் யாரோ தூரிகையால் பச்சைப் பெயின்ற் பூசியிருந்தார்கள். முன் கழுத்துக் குழாயில் பித்தளைச் சின்னம் இருந்த இடத்தில் இரண்டு சிறு துளைகள் மட்டும் மிஞ்சியிருந்தன.

நான் முதலில் பிரேக்கைத்தான் பார்த்தேன், கண்ணுக்கு நேராகத் தெரிந்தது அது என்பதால். கம்பிப் பிரேக். ஹாண்டிலின் கீழிருந்து இரும்புக் கோல்கள் இறங்கி, பிரேக் கட்டைகளை றிம்மின் உட்புறத்தை நோக்கி மேலே இழுக்கும் வகை. கேபிள் பிரேக் றிம்மின் இரண்டு பக்கங்களையும் கவ்வும்; இது அப்படியல்ல. அதனால் இதற்கு உள்விளிம்பு வளைந்த வெஸ்ட்வூட் றிம் வேண்டும். சக்கரம் 28 × 1½. இவ்வளவும் சேர்ந்தால் ஆங்கிலேயர் 'ரோட்ஸ்ரர்' என்று அழைத்த கனமான சைக்கிள் வகை. ஆனால் ஆண்டைக் கண்டுபிடிக்க இந்தப் பிரேக் உதவாது. கம்பிப் பிரேக்கைப் பெரிய மாற்றம் இல்லாமல் பல பத்தாண்டுகள் செய்தார்கள். இந்தியாவில் அதற்குப் பிறகும் செய்தார்கள். பிரேக்கை வைத்து "இது நாற்பதுகளினது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பிரேக் சொல்வது சைக்கிளின் வகையை மட்டும்தான்.

அடுத்ததாக, யார் செய்தது என்ற கேள்வி. அதற்குப் பச்சைப் பெயின்றுக்கு அடியில் இருந்த எழுத்தைப் பார்த்தாக வேண்டும். இங்கே நான் ஒரு பிழை விட்டேன். இருக்கைக் குழாயில் ஓரிடத்தில் தின்னரைத் துணியில் நனைத்துத் துடைத்தேன். பச்சை போனது, அதோடு பொன்னிற எழுத்துகளும் துணியில் வந்துவிட்டன. பழைய சைக்கிள்களில் அந்த எழுத்துகள் கறுப்பு எனாமலுக்கு மேல் ஒட்டிய மெல்லிய படலம். அதன் மேல் ஒரு பூச்சு வார்னிஷ். தின்னர் பெயின்றையும் வார்னிஷையும் எழுத்தையும் வேறு பிரித்துப் பார்க்காது. அந்த இடத்தில் என்ன இருந்தது என்பது இனி எவருக்கும் தெரியாது. இன்றும் அதை நினைத்தால் மனம் கனக்கிறது.

அதன்பிறகு இரண்டு நாள் சைக்கிளைத் தொடவில்லை. பிறகு ஓர் இரவு, விளக்கை அணைத்துவிட்டு, ரோச் லைற்றைக் குழாயோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். நேரே அடித்தால் ஒன்றும் தெரியாது. சாய்ந்து விழும் வெளிச்சத்தில், பெயின்றுக்கு அடியில் படலத்தின் ஓரங்கள் மெல்லிய மேடாக நிழல் விழுத்தின. எங்கே எழுத்து இருக்கிறது, எங்கே இல்லை என்று தெரிந்துவிட்டது. அந்த இடத்தில் மட்டும், மிக நைசான பொலிஷ் பசையை விரல் நுனியில் எடுத்து, ஒரு ரூபாய்க் குற்றி அளவு இடத்தைக் கால் மணி நேரம் தேய்ப்பது என்று வைத்துக்கொண்டேன். பச்சை மெலிந்து பொன்னிறம் மங்கலாகத் தெரிந்த உடனே நிறுத்திவிடுவேன். முழுவதும் தெளிவாகும்வரை தேய்த்தால் எழுத்தும் தேய்ந்துவிடும்.

நான்கு மாலைகளுக்குப் பிறகு கிடைத்தது ஒரு சொல்லின் நடுத்துண்டு: இரண்டு 'டி', ஓர் 'ஐ', ஓர் 'என்', ஒரு 'ஜி'. நொட்டிங்ஹாம். றலித் தொழிற்சாலை இருந்த ஊர். மாமி சொன்னது சரி என்று அன்றைக்கு நினைத்தேன்.

அந்த நம்பிக்கையைக் கலைத்தது செயின் கவர். இந்தச் சைக்கிளுக்குச் செயினை முழுவதுமாக மூடிய பெட்டிக் கவர். அதன் முன்பக்கத்தில், பெடல் அச்சைச் சுற்றி, தனியாகக் கழற்றக்கூடிய ஒரு வட்ட மூடி உண்டு. எண்ணெய் விட வேண்டும் என்று அதைக் கழற்றினேன். உள்ளே இருந்த பெரிய பல்சக்கரத்தில் றலியின் சின்னமான கொக்கு இல்லை. நடுவில் விரித்த கை ஒன்று வெட்டப்பட்டிருந்தது.

விரித்த கை ரட்ஜ் சைக்கிளின் சின்னம். கழன்றுபோன பித்தளைச் சின்னத்திலும் அதே கைதான் இருந்திருக்க வேண்டும். பல்சக்கரத்தை மட்டும் வேறு சைக்கிளிலிருந்து மாற்றியிருக்கலாமே என்ற கேள்வி எனக்கும் வந்தது. ஆனால் மூடிய கவருக்குள் எவரும் அலங்காரத்துக்காக மாற்ற மாட்டார்கள். பல்சக்கரத்தைப் பிடித்திருந்த ஆணிகளிலும் குறடு பட்ட தடம் இல்லை.

அப்படியென்றால் நொட்டிங்ஹாம் எப்படி வந்தது? ரட்ஜ்-விற்வேர்த் முதலில் கொவென்ற்றி நகரத்து நிறுவனம். 1930களின் இறுதியில் உற்பத்தி லண்டனுக்கு மேற்கே ஹேய்ஸ் என்ற இடத்துக்குப் போனது. 1943இல் அதன் சைக்கிள் வியாபாரத்தை றலி வாங்கியது. அதன்பிறகு ரட்ஜ் என்ற பெயரில் வந்தவை றலியின் நொட்டிங்ஹாம் தொழிற்சாலையில் செய்தவை. ஆகவே, கையும் நொட்டிங்ஹாமும் ஒரே சைக்கிளில் இருந்தால் அது 1943க்கு முந்தியதாக இருக்க முடியாது. நான் தேய்த்தெடுத்த அந்த ஐந்து எழுத்துகள் ஊரை மட்டுமல்ல, ஆண்டின் கீழ் எல்லையையும் தந்துவிட்டன. மாமி "றலி" என்றதும் முழுப் பிழை இல்லை. செய்தது றலிதான், பெயர்தான் ரட்ஜ்.

மேல் எல்லைக்கு, இருக்கைக்குக் கீழே சட்டம் பொருந்தும் மூட்டில் இருந்த எண்ணைப் பார்த்தேன். றலி 1973இல் எண்முறையை மாற்றியது: தொழிற்சாலைக்கு ஓர் எழுத்து, மாதத்துக்கு ஓர் எழுத்து, பிறகு ஆண்டின் கடைசி இலக்கம். இந்த எண் அந்த அமைப்பில் இல்லை. அதற்கு முந்திய எண்களை ஓர் அட்டவணையில் வைத்து ஆண்டு சொல்ல முடியாது. ஒழுங்கு அப்படிக் குழம்பியது. எண்ணுக்குப் பின்னால் நாட்களைச் செலவழிக்காமல் கியருக்குப் போனேன்.

பின் சக்கரத்தின் நடுவில் ஸ்ரேர்மி-ஆர்ச்சர் நிறுவனத்தின் மூன்று கியர் ஹப். இந்த ஹப்பின் அருமை என்னவென்றால், செய்த ஆண்டையும் மாதத்தையும் உறையிலேயே குத்தியிருப்பார்கள். முதலில் வகையின் எழுத்து, பிறகு ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், அடுத்து மாதம். அழுக்கு ஏறியிருந்தால் மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கும் தூரிகையும் போதும். உப்புத்தாள் போடக் கூடாது, இலக்கம் ஆழம் குறைந்தது. துடைத்த பிறகு வெண்கட்டியைத் தேய்த்து, துணியால் ஒரு தரம் வழித்தேன். பள்ளத்தில் வெண்மை நின்றது: ஏ டபிள்யூ 61 8. ஆவணி 1961.

48 என்று சொன்ன சைக்கிளில் 61. மாமியிடம் சொல்ல மனம் வரவில்லை.

ஆனால் சக்கரம் என்பது சைக்கிளில் அடிக்கடி மாறும் பாகம். அதனால் முன் சக்கரத்தைப் பார்த்தேன். முன் ஹப் ஒரு தேநீர்க் கோப்பையின் வாயளவு பருத்தது, ஏனென்றால் அதற்குள்ளேயே விளக்குக்கு மின்சாரம் எடுக்கும் டைனமோ இருக்கிறது. அதுவும் ஸ்ரேர்மி-ஆர்ச்சர், அதிலும் திகதி உண்டு. வெண்கட்டி போட்டதும் தெரிந்தது ஜி எச் 6, 52 4. (இந்த ஹப்பைத் திறந்து பார்க்க ஆசைப்பட வேண்டாம். உள்ளிருக்கும் காந்தத்தை அதன் இரும்பு வளையத்திலிருந்து வெளியே எடுத்தால் காந்த சக்தி குறைந்துவிடும். திகதி வெளியே இருக்கிறது.)

ஒரே சைக்கிளில் ஒன்பது ஆண்டு இடைவெளியுள்ள இரண்டு ஹப். எது கூடப்பிறந்தது? இரண்டு சக்கரத்தையும் கழற்றித் திண்ணையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கம்பி எண்ணிக்கை முன்னே 32, பின்னே 40. அது அக்கால ஆங்கில வழக்கம், அதில் வித்தியாசம் காட்டவில்லை. றிம்தான் காட்டியது. முன் றிம்மில் டன்லொப் என்றும் இங்கிலாந்தில் செய்தது என்றும் முத்திரை. பின் றிம்மில் ஒரு முத்திரையும் இல்லை, குரோம் பூச்சும் வேறு நிறம், கம்பிகளின் தலையும் வேறு. பின் சக்கரம் பிறகு புதிதாகக் கட்டியது என்று தெளிவாகியது. முன் சக்கரமும் மாறியிருக்கலாம் என்ற சாத்தியம் இன்னும் இருந்தது. 52 என்று நானே முடிவு கட்ட எனக்குத் துணிவில்லை.

மாமியிடம் போய் முழுவதையும் சொன்னேன். கையின் கதையையும், 48 பொருந்தவில்லை என்பதையும். கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு உள்ளே போய், ஐயாவின் கடதாசிகள் கிடந்த தகரப் பெட்டியை எடுத்து வந்தார். காணி உறுதிகளுக்கும் சம்பளத் துண்டுகளுக்கும் இடையில் சைக்கிள் லைசென்ஸ் கட்டிய துண்டு ஒன்று இருந்தது. ஆண்டு 1953. சைக்கிளின் பெயர் எழுதும் இடத்தில், மை பழுப்பாகிப்போன ஆங்கிலத்தில், ரட்ஜ்.

"அப்ப 48ல வாங்கினது வேற ஒண்டு" என்றார் மாமி. "அதை வித்துப்போட்டுத்தான் இதை எடுத்திருப்பார். நான் அப்ப கைக்குழந்தை, எனக்கு எங்க தெரியப்போகுது?"

1952 சித்திரையில் செய்த ஹப், 1953இல் லைசென்ஸ். கப்பலில் வந்து கடையில் நின்ற காலத்தையும் சேர்த்தால் இரண்டும் ஒன்றோடொன்று நன்றாகப் பொருந்துகின்றன. எந்த மாதம் வாங்கினார் என்று மட்டும் சொல்ல முடியாது.

பின் சக்கரத்தின் 61ஐயும் மாமியிடம் காட்டினேன். வெண்கட்டி இன்னும் அழியாமல் இருந்தது. கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"கச்சேரிக்கு முன்னால சத்தியாக்கிரகம் நடந்ததே, அது 61. அதுக்கு அடுத்த வருசம் மாரியில ஐயா மதகடியில விழுந்து கை முறிஞ்சவர். சில்லு எட்டா வளைஞ்சு போச்செண்டு அம்மா சொல்லிச் சொல்லி அழுதவ." சில்லை ஒரு தரம் மெல்லச் சுற்றிவிட்டார். "அப்ப இது அதுக்குப் பிறகு போட்ட சில்லு."